கிரியேட்டின் டைரி, முதல் ஆறு வாரம்: லோடிங் நல்லதா, தினம் 3 கிராம் போதுமா?

ஜிம்மில் சேர்ந்த அன்றே கிரியேட்டின் டப்பாவையும் திறந்துவிட்டவரின் டைரியில் இரண்டு பதிவுகளைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஏழாம் நாள்: "எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது, கை நிறைந்தாற்போல் தெரிகிறது, பவுடர் வேலை செய்கிறது." நாற்பத்திரண்டாம் நாள்: "20 கிலோவில் தொடங்கிய ஸ்குவாட் 45 கிலோவுக்கு வந்துவிட்டது, எல்லாம் கிரியேட்டின் புண்ணியம்." இரண்டு எண்களும் உண்மையாகவே இருக்கலாம். காரணம்தான் இடிக்கிறது. முதல் பதிவில் இருப்பது பெரும்பாலும் கிரியேட்டின் தசைக்குள் இழுத்து வைக்கும் தண்ணீர். இரண்டாவதில் இருப்பது பெரும்பாலும், அவர் உடம்பு ஸ்குவாட் போடக் கற்றுக்கொண்டது.

கிரியேட்டின் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கப்படும் பவுடர்களில் இந்த அளவுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்டவை மிகக் குறைவு. சிக்கல் டைரியில்தான். புதிதாக எடை தூக்குபவருக்கு முதல் சில வாரங்களில் எல்லாமே ஏறும், பவுடர் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். அதனால் அவர் முன் இருக்கும் தேர்வுகளை, அதாவது முதல் சில நாள் அதிக அளவில் எடுக்கும் லோடிங்கைச் செய்வதா, தினம் கொஞ்சமாக எடுப்பதா, ஜிம்மில் சேர்ந்த அன்றே தொடங்குவதா, சில வாரம் பொறுத்துத் தொடங்குவதா என்பதை, ஆறு வாரம் கழித்து அந்த டைரி எதைச் சொல்லும் என்ற கோணத்திலும் பார்க்க வேண்டும்.

ஒரு மாதிரி ஆளை வைத்துக்கொள்வோம். வயது 28, ஆண், எடை 62 கிலோ, பால், தயிர் சேர்த்துக்கொள்ளும் சைவம், வாரத்தில் மூன்று நாள் ஜிம்.

தொட்டி எவ்வளவு பெரியது

சுமார் 70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் ஏறத்தாழ 120 கிராம் கிரியேட்டின் இருக்கும். அதில் 95 விழுக்காடு தசையில். ஒவ்வொரு நாளும் சுமார் 2 கிராம் தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிச் சிறுநீரில் போய்விடும். அந்த இழப்பில் பாதியை உடம்பே தயாரித்து ஈடுகட்டுகிறது. மீதிப் பாதி கறியிலிருந்தும் மீனிலிருந்தும் வரவேண்டும். ஒரு கிலோ பச்சை மாட்டிறைச்சியில் இருப்பதே 4 முதல் 5 கிராம்தான். இட்லி, சாம்பார், தயிர்சாதத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை. அதனால் சைவக்காரரின் தொட்டி வழக்கமாகவே சற்றுக் குறைந்த மட்டத்தில் நிற்கும்.

தொட்டிக்கு ஒரு விளிம்பும் உண்டு. 1992-இல் ரோஜர் ஹாரிஸ், எரிக் ஹல்ட்மன் ஆகியோரின் குழு, 5 கிராம் வீதம் ஒரு நாளைக்குப் பலமுறை கொடுத்துத் தசையைச் சோதித்தது. தொடக்கத்தில் யாருக்குக் கையிருப்பு குறைவாக இருந்ததோ அவர்களுக்கே அதிகம் ஏறியது. ஏற்கெனவே விளிம்பருகே இருந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. இரண்டு நண்பர்கள் ஒரே டப்பாவைப் பங்கிட்டு எடுத்தும் ஒருவருக்கு மட்டும் மாற்றம் தெரிவதற்குப் பவுடர் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தினம் கறி சாப்பிடுபவருக்கு நிரப்ப இடமே குறைவு. நம் மாதிரி ஆள் சைவம் என்பதால் அவருக்கு இடம் இருக்கிறது.

நிரம்பிய தொட்டியால் என்ன பயன்? கனமான எடையை வேகமாகத் தூக்கும் முதல் பத்து விநாடி அளவில், தசையின் உடனடி எரிபொருளாகச் செலவாகும் ஏடிபியைத் திரும்ப நிரப்புவது தசையில் உள்ள பாஸ்போகிரியேட்டின். செட் முடிந்து மூச்சு வாங்கும் நேரத்தில் அது மறுபடி சேர்கிறது. கையிருப்பு அதிகமாக இருந்தால் ஒரு செட்டின் கடைசியில் ஒன்றிரண்டு ரெப்ஸ் கூடுதலாக வரலாம், அடுத்த செட்டுக்குள் சற்று வேகமாக மீளலாம். நேரடிப் பலன் இவ்வளவுதான். தசை வளர்வது அந்தக் கூடுதல் ரெப்ஸ் மாதக்கணக்கில் சேர்வதால் வருகிற இரண்டாம் நிலைப் பலன். ஆறு வார டைரியில் அதைத் தேடக் கூடாது.

லோடிங், தினம் 3 கிராம்: கணக்கில் எது நிற்கிறது

லோடிங் என்றால் 5 அல்லது 6 நாளுக்குத் தினம் 20 கிராம், அதை 5 கிராம் வீதம் நான்கு வேளையாகப் பிரித்து எடுப்பது. பிறகு 2 அல்லது 3 கிராமுக்கு இறங்கிவிடுவது. மற்ற வழியில் முதல் நாளிலிருந்தே தினம் 3 கிராம்தான். ஹல்ட்மன் குழு 1996-இல் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 20 கிராம் வீதம் ஆறு நாள் எடுத்தவர்களுக்குத் தசைக் கிரியேட்டின் ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியது. 3 கிராம் வீதம் 28 நாள் எடுத்தவர்களும் கடைசியில் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஊர் ஒன்றுதான், எக்ஸ்பிரஸா பாசஞ்சரா என்பது மட்டுமே கேள்வி.

எக்ஸ்பிரஸுக்குக் கட்டணம் உண்டு. ஆறு நாள் லோடிங்குக்கு 120 கிராம், மீதி 36 நாளுக்கு 3 கிராம் வீதம் 108 கிராம், ஆக ஆறு வாரத்துக்கு 228 கிராம். 250 கிராம் டப்பா கிட்டத்தட்டக் காலி. தினம் 3 கிராம் வழியில் அதே 42 நாளுக்கு 126 கிராம், பாதி டப்பா மிச்சம். தொட்டியில் 20 விழுக்காடு கூடுவது என்றால் 24 கிராம்தானே. லோடிங் வாரத்தில் விழுங்கும் 120 கிராமில் பெரும்பகுதி சிறுநீரோடு போகிறது. காசைக் கழிப்பறையில் ஊற்றுவது என்று இதைச் சொன்னால் லோடிங் ஆதரவாளர்கள் கோபிப்பார்கள், ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

வயிறு அடுத்த விஷயம். நான்கு வேளையாகப் பிரிக்கச் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. காலையில் 10, இரவில் 10 என்று அடித்தால் லூஸ் மோஷன் வர வாய்ப்பு கூடும். ஒரே தடவையில் 10 கிராம் எடுப்பவர்களுக்கு அந்தத் தொல்லை அதிகம் என்று சோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள். உறிஞ்சப்படாத பவுடர் குடலில் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம். வேலைக்குப் போகிறவர் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டோடு, அளந்து எடுப்பது நடைமுறையில் மூன்றாம் நாளே தடுமாறும். மதிய வேளையை மறந்துவிட்டு இரவில் இரட்டிப்பாக எடுப்பார். வயிறு கலங்கும். "கிரியேட்டின் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று டைரியில் எழுதிவிட்டு டப்பாவை மூடுவார். ஒத்துக்கொள்ளாதது அந்த 10 கிராம்தான்.

போட்டி பத்து நாளில் இருக்கிறது, அதற்குள் தொட்டி நிரம்ப வேண்டும் என்பவருக்கு லோடிங் நியாயம். புதிதாகச் சேர்ந்தவருக்கு மூன்று வாரம் முன்னதாக நிரம்பி ஆகப்போவது எதுவும் இல்லை. அவர் தூக்கும் எடையைத் தீர்மானிப்பது இன்னும் இடுப்பு வளையும் விதமும் பாரைப் பிடிக்கும் விதமும்தான்.

3 கிராமா, 5 கிராமா என்பதை உடல் எடையை வைத்து முடிவு செய்யலாம். 62 கிலோ ஆளுக்கு 3 கிராம் போதும். 85, 90 கிலோ ஆளுக்குத் தசையும் தினசரி இழப்பும் அதிகம் என்பதால் 5 கிராம் பொருத்தம். பலரும் எல்லோருக்கும் 5 என்று சொல்வதற்குக் காரணம் டப்பாவில் வரும் ஸ்கூப்தான், அதில் தவறும் இல்லை. மிஞ்சியது வெளியேறிவிடும்.

லோடிங்குக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அதன் விளைவு டைரியில் படிக்கட்டு போலத் தெரியும்: ஒரே வாரத்தில் எடை எகிறும், பிறகு சமமாக நிற்கும். தினம் 3 கிராம் வழியில் அதே விளைவு நான்கு வாரத்துக்குச் சாய்தளம் போல மெல்ல ஏறும். புதியவருக்குப் பயிற்சியால் வரும் ஏற்றமும் சாய்தளம்தான். ஒரு சாய்தளத்தின் மேல் இன்னொரு சாய்தளம் படிந்தால் எது எது என்று பிரிக்க முடியாது. டைரியில் மாற்றம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் ஒருவரின் முதல் ஆசை என்றால், லோடிங் அவருக்கு ஏற்றது. ஆனால் அதே தெளிவைக் காசும் வயிறும் கெடாமல் பெற இன்னொரு வழி இருக்கிறது.

ஜிம்மில் சேர்ந்த அன்றேயா, மூன்று வாரம் பொறுத்தா

முதல் சில வாரங்களில் புதியவரின் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தால். எந்தத் தசையை எப்போது முறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று உடம்பு பழகுகிறது. 20 கிலோ வெறும் பாரோடு தள்ளாடியவர் ஆறே வாரத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு தூக்குவதற்கு எந்தப் பவுடரும் தேவையில்லை. இந்தப் பெரிய அலை அடிக்கும்போது கிரியேட்டின் தரும் ஒன்றிரண்டு ரெப்ஸ் எங்கே தெரியும்?

சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே பொருந்தும். ஒரு குழு, பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ஒரு வாரம் தினம் 5 கிராம் கிரியேட்டின் எடுத்தது. அந்த வாரத்தில், கொழுப்பு நீங்கலான எடை மற்றக் குழுவைவிடச் சுமார் அரைக் கிலோ கூடுதலாக ஏறியது. எடையே தூக்காமல் ஒரு வாரத்தில் அரைக் கிலோ தசை வளராது. அது நீர் என்றுதான் கொள்ள வேண்டும். அதன் பிறகு இரு குழுவும் 12 வாரம் பயிற்சி செய்தபோது இருவருக்கும் கூடியது ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 2 கிலோ. இந்த ஒன்றை வைத்து முன்பு வந்த எல்லா ஆய்வுகளையும் தள்ளிவிட முடியாது. கிரியேட்டினுக்குச் சாதகமான முடிவுகள் நிறையவே உண்டு. ஆனால் முதல் வார எடையைத் தசைக் கணக்கில் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சேர்ந்த அன்றே தொடங்கினால் உடம்புக்கு நட்டம் எதுவும் இல்லை. பயிற்சி செய்யும் தசை கிரியேட்டினைக் கூடுதலாக உள்வாங்கும் என்பதும் 1992 சோதனையிலேயே தெரிந்த விஷயம். நட்டம் தகவலுக்குத்தான். அந்த ஆறு வார டைரியிலிருந்து வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, தினம் எடுக்கும் பழக்கம் நின்றதா என்ற இரண்டை மட்டுமே நம்பி அறியலாம். மூன்று வாரம் வெறுமனே பயிற்சி செய்து, எடையையும் ரெப்ஸையும் எழுதி வைத்துவிட்டுப் பிறகு டப்பாவைத் திறப்பவருக்கு, ஒப்பிட ஒரு அடித்தளம் இருக்கும். டைரி எழுதுவதாக இருந்தால் இரண்டாவது வழியே சரி. எழுதப் போவதில்லை என்றால் எப்போது தொடங்கினாலும் ஒன்றுதான்.

டைரியில் என்ன எழுத வேண்டும்

எடை: காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மெஷினில், ஒரே இடத்தில். மெஷினை மொசைக் தரையிலிருந்து பாய்க்கு மாற்றினாலே எண் மாறும். தனி நாளின் எண்ணுக்கு மதிப்பு இல்லை. முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் கொஞ்சம் தாராளமாகப் போயிருந்தாலோ, கல்யாண வீட்டில் சாப்பிட்டிருந்தாலோ மறுநாள் ஒரு கிலோ கூடுவது இயல்பு. ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிட வேண்டும். பெண்களாக இருந்தால் மாதவிடாய்க்கு முன்பு தேங்கும் நீர் கிரியேட்டின் நீரைவிட அதிகமாகவே இருக்கலாம். அவர்கள் இந்த மாதத்தின் வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதுதான் சரி.

ரெப்ஸ்: இங்கேதான் பெரும்பாலான டைரிகள் தவறுகின்றன. ஒரு தடவை தூக்கும் உச்ச எடையைக் குறித்து வைப்பதால் பயன் இல்லை, புதியவருக்கு அது திறமையையே காட்டும். ஒரே ஒரு பயிற்சியைச் சோதனைக்கென்று ஒதுக்க வேண்டும். கற்றுக்கொள்ள அதிகம் இல்லாத மெஷின் செஸ்ட் பிரஸ் அல்லது லெக் பிரஸ் நல்லது. வாரத்தில் ஒரு நாள், ஒரே எடையில், மூன்று செட், ஒவ்வொன்றையும் இனி ஒரு ரெப் மட்டுமே வரும் என்ற நிலையில் நிறுத்தி, செட்டுக்கு நடுவே போனில் டைமர் வைத்துச் சரியாக 2 நிமிடம். மற்றப் பயிற்சிகளில் வழக்கம்போல் எடையைக் கூட்டிக்கொண்டே போகலாம், இந்த ஒன்றில் மட்டும் ஆறு வாரமும் எடை மாறக் கூடாது.

இரண்டு நிமிடத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும் என்றால், பார்க்க வேண்டியது முதல் செட்டை அல்ல, முதல் செட்டுக்கும் மூன்றாம் செட்டுக்கும் உள்ள சரிவை. ஐந்து நிமிடம் ஓய்வெடுத்தால் எல்லோருக்கும் பாஸ்போகிரியேட்டின் பெரும்பாலும் மீண்டுவிடும், சரிவு குறைந்துவிடும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருந்து நான்கு நிமிடம் ஆகிவிட்டால் அந்த வாரப் பதிவில் கோடு போட்டுவிட்டு அடுத்த வாரத்துக்குப் போவது உத்தமம்.

நம் மாதிரி ஆளின் டைரி இரண்டு வழியிலும் எப்படி இருக்கும் என்று கீழே. யாருடைய உண்மைப் பதிவும் அல்ல, படிக்கும் முறையைக் காட்டுவதற்காகப் போட்ட கணக்கு.

| வாரம் | தினம் 3 கிராம்: சராசரி எடை | மூன்று செட் | லோடிங்: சராசரி எடை | மூன்று செட் |
|---|---|---|---|---|
| தொடங்கும் முன் | 62.1 | 12, 9, 7 | 62.1 | 12, 9, 7 |
| 1 | 62.2 | 12, 9, 7 | 62.9 | 12, 10, 8 |
| 2 | 62.3 | 12, 9, 8 | 63.2 | 12, 11, 9 |
| 3 | 62.6 | 13, 10, 8 | 63.2 | 13, 11, 10 |
| 4 | 62.9 | 13, 11, 9 | 63.3 | 13, 12, 10 |
| 5 | 63.1 | 13, 11, 10 | 63.3 | 13, 12, 10 |
| 6 | 63.2 | 14, 12, 11 | 63.4 | 14, 12, 11 |

முதல் செட்டை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். இரண்டு பக்கமும் 12-லிருந்து 14, அதே வேகம். அது பயிற்சியின் பங்கு. இப்போது சரிவைப் பாருங்கள். தொடங்கும் முன் 12-க்கும் 7-க்கும் நடுவே 5. லோடிங் பக்கத்தில் இரண்டாம் வாரமே அது 3 ஆகிவிடுகிறது, எடையும் அதே வாரத்தில் நின்றுவிடுகிறது. இரண்டும் ஒன்றாக நடந்தால் தொட்டி நிரம்பிவிட்டது என்று ஓரளவு நம்பலாம். 3 கிராம் பக்கத்தில் மூன்றாம் வாரம் சரிவு 4-லிருந்து மறுபடி 5-க்குப் போகிறது. ஒரு வாரம் சரியாகத் தூங்காவிட்டாலே இப்படி ஆகும், அதைப் பார்த்துப் பதறி லோடிங்குக்கு மாற வேண்டாம். ஐந்தாம் வாரத்தில் அங்கேயும் 3 ஆகிறது. ஆறாம் வாரக் கடைசியில் இரண்டு பக்கத்தையும் மூடிவைத்துக் கேட்டால் எது லோடிங் என்று சொல்ல முடியாது.

சரிவு குறைவதற்குக் கிரியேட்டின் மட்டுமே காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. பயிற்சியால் மூச்சும் தாங்கும் திறனும் கூடி, அதனாலும் கொஞ்சம் குறையும். அதற்காகத்தான் அந்த மூன்று வார அடித்தளம். பவுடர் இல்லாத மூன்று வாரத்திலேயே சரிவு 6-லிருந்து 5-க்கு வந்திருந்தால், அந்த வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் மீதியைக் கிரியேட்டின் கணக்கில் வைக்க வேண்டும். ஆறு வாரம் சரியாக எடுத்தும் எடையும் நகரவில்லை, சரிவும் மாறவில்லை என்றால், தொட்டி முன்பே நிரம்பியிருந்த ஆளாக இருக்கலாம். கறி, மீன் நிறையச் சாப்பிடுபவருக்கு இது வியப்பல்ல. அவர் அளவைக் கூட்டிப் பயனில்லை.

டைரியைக் கெடுக்கும் சின்னச் சின்னத் தவறுகள்

தம்ளரின் அடியைப் பாருங்கள். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 14 கிராம்தான் கரையும். அப்படியானால் 250 மில்லி தம்ளரில் கரைவது மூன்றரைக் கிராம். குளிர்ந்த தண்ணீர் என்றால் அதில் பாதிகூடக் கரையாது. 5 கிராம் போட்டு ஃபிரிட்ஜ் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவுகிறவர் தினமும் கொஞ்சம் பவுடரைச் சிங்க்கில் கொட்டுகிறார். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் கரைந்துவிடும். இல்லாவிட்டால் அடியில் நிற்பதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்தால் போதும். கரையாமல் உள்ளே போனாலும் வேலை செய்யும்.

கலக்கி வைத்துவிட்டு மறுநாள் குடிப்பது வேறு பிரச்சினை. பவுடராக இருக்கும்வரை அது ஆண்டுக்கணக்கில் கெடாது. தண்ணீரில் கரைந்தால் மெல்லக் கிரியேட்டினினாக மாறும், புளிப்பில் இன்னும் வேகமாக. எலுமிச்சைச் சாற்றில் கலந்து உடனே குடித்தால் ஒன்றுமில்லை. அதே பாட்டிலை இரண்டு மூன்று நாள் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தால் அளவில் ஒரு பங்கு வீண்.

ஸ்கூப் என்பது கொள்ளளவு, எடை அல்ல. தட்டி நிரப்பினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் இன்னொன்று. சமையலறையில் உள்ள சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு தடவை பத்து ஸ்கூப்பைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் உங்கள் கை அள்ளும் அளவு தெரிந்துவிடும். அதை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும், தினம் நிறுக்கத் தேவையில்லை.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்க வேண்டியதில்லை. தொட்டியிலிருந்து ஒரு நாளில் குறைவது இரண்டு கிராம் அளவுதான். ஜிம்முக்கு முன்பா, பின்பா, சாப்பாட்டோடா என்ற விவாதத்திலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். மறக்காத வேளை எதுவோ அதுவே சரியான வேளை. காலைப் பல்துலக்கும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் டப்பா இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எந்த வகைப் பவுடர் என்பதை இங்கே நீட்ட வேண்டியதில்லை: மோனோஹைட்ரேட். அதன் எடையில் ஏறத்தாழ 88 விழுக்காடு கிரியேட்டின். ஹைட்ரோகுளோரைடு வகை நன்றாகக் கரையும் என்பது உண்மைதான், ஆனால் அதில் 78 விழுக்காடுதான் கிரியேட்டின், போதாக்குறைக்கு ஒன்றரைக் கிராம் போதும் என்று வேறு எழுதியிருப்பார்கள். கரைவதால் தசைக்குள் கூடுதலாகப் போவதில்லை. எத்தில் எஸ்டர் வகை உடம்புக்குள் போனதும் பெருமளவு கிரியேட்டினினாகிவிடுகிறது, அதைத் தொட வேண்டாம். டப்பாவில் உட்பொருள் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும், எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். "எனர்ஜி பிளெண்ட்" என்று ஆறு பொருளைக் கலந்து மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால், கிரியேட்டின் எவ்வளவு என்று டைரியில் எழுதவே முடியாது.

ரத்தப் பரிசோதனை அன்று

டைரியில் எழுத மறந்தால் உண்மையிலேயே சங்கடம் வரக்கூடிய இடம் இது. அலுவலக மருத்துவப் பரிசோதனையிலோ இன்ஷூரன்ஸுக்காகவோ ரத்தம் கொடுக்கும்போது கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அந்த எண்ணிலிருந்து சூத்திரம் போட்டு மதிப்பிடுவார்கள். கிரியேட்டின் எடுப்பவருக்குக் கிரியேட்டினின் உற்பத்தியே சற்றுக் கூடும். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் சூத்திரம் அதைக் குறைத்துக் காட்டும்.

நம் 28 வயது ஆளுக்குக் கிரியேட்டினின் 0.9 என்றால் 2021-ஆம் ஆண்டுச் சூத்திரப்படி வடிகட்டும் திறன் சுமார் 119 என்று வரும். அதுவே 1.2 ஆனால் சுமார் 84. 90-க்குக் கீழே என்றால் பல லேப் அறிக்கைகள் தடித்த எழுத்தில் காட்டும். பவுடர் விஷயம் தெரியாத டாக்டர் கவலைப்படுவார், வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். முந்தின நாள் கடுமையாகக் கால் பயிற்சி செய்திருந்தால் எஸ்ஜிஓடி எண்ணும் ஏறியிருக்கும். அது தசையிலிருந்தும் வருவதுதான், ஆனால் கல்லீரல் பரிசோதனைப் பட்டியலில் உட்கார்ந்திருப்பதால் இரட்டைக் கவலை.

டப்பாவைத் திறக்கும் முன்பே ஒரு தடவை கிரியேட்டினின் பார்த்து டைரியில் எழுதிவைப்பது இதற்கு வழி. பிறகு எப்போது பரிசோதனை செய்தாலும் என்ன பவுடர், எத்தனை கிராம், எத்தனை நாளாக என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற வேறு பரிசோதனை உண்டு, அதைக் கிரியேட்டின் பவுடர் இப்படிக் குழப்பாது. ஆனால் எண் ஏறினால் "அது பவுடர்தான்" என்று தானே முடிவுகட்டுவதும் தவறு. ஏற்கெனவே சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த டைரியைத் தொடங்கவே கூடாது.

முடி கொட்டுமா என்ற கேள்விக்கு மூலம், தென்னாப்பிரிக்காவில் 20 ரக்பி வீரர்களை வைத்துச் செய்து 2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வு. லோடிங் வாரத்துக்குப் பின் அவர்கள் ரத்தத்தில் முடி உதிர்வோடு தொடர்புபடுத்தப்படும் டிஎச்டி ஹார்மோன் கூடியிருந்தது. முடியை அந்த ஆய்வில் யாரும் எண்ணவில்லை. அவ்வளவு சிறிய ஆய்விலிருந்து வழுக்கை வரை போவது நீண்ட தாவல்.

ஆறு வாரம் முடிந்தபின்

நிறுத்திப் பார்த்து ஒப்பிடலாம் என்று பலருக்குத் தோன்றும். செய்யலாம், ஆனால் ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதில் பொருளில்லை. 1996 சோதனையில் நிறுத்தியவர்களின் தொட்டி பழைய மட்டத்துக்கு இறங்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. அதனால் நிறுத்தினால் நான்கைந்து வாரம் நிறுத்த வேண்டும், அதே சோதனைப் பயிற்சியை, அதே எடையில், அதே இரண்டு நிமிட ஓய்வோடு வாரம் ஒரு தடவை செய்துகொண்டே இருக்க வேண்டும். முதல் செட் 14-லேயே நின்று, மூன்றாம் செட் மட்டும் 11-லிருந்து 9-க்கு மெல்ல இறங்கி, கூடவே வாரச் சராசரி எடை அரைக் கிலோ, முக்கால் கிலோ குறைந்தால், கிரியேட்டின் அந்த உடம்பில் எவ்வளவு செய்தது என்பதற்கு ஏறும்போது எழுதிய ஆறு வாரத்தைவிட இந்த இறங்கும் வாரங்களே நல்ல சாட்சி. குறைந்த எடை தசை அல்ல, உள்ளே வந்த அதே தண்ணீர் வெளியே போகிறது. மறுபடி தொடங்கும்போதும் தினம் 3 கிராம்தான்.